நாற்பத்தாறு டிக்கும் ஃப்ரிட்ஜில இருந்த ஒரு போத்தலும்

கடந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்களில் ஒருத்தியின் குடும்பம் திருமலையிலிருந்து நுவரெலியாவுக்கு நாலு நாள் பயணம் போனது. ஒரு வான், பதினொரு பேர். கடைசிக் குட்டிக்கு மூன்று வயது, அப்பம்மாவுக்கு எழுபத்தாறு. போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னமே இவள் கூகுள் ஷீட்டில ஒரு அட்டவணை போட்டு வீட்டு வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தாள். ஆவணங்கள், உடுப்பு, மருந்து என்று மூன்று பகுதி. ஒவ்வொரு வரியிலும் சாமானின் பெயர், பொறுப்பு யார், வைத்தாச்சா என்று ஒரு டிக் கட்டம். மொத்தம் 46 வரி. புறப்படும் முதல் நாள் இரவு பத்து மணிக்குள்ள 46 இலும் டிக் விழுந்து முடிந்தது. ஆளுக்கொரு கைதட்டல் இமோஜியும் போட்டாச்சு.

விடியக்காலை நாலரைக்கு உட்துறைமுக வீதியால் வான் வெளிக்கிட்டது. கந்தளாய், ஹபரணை தாண்டி ஏழு மணிக்குத் தம்புள்ளையில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். அப்பம்மாவுக்கு சீனி வருத்தம். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால இன்சுலின் போட வேணும். "ஊசிப் பை எங்க?" என்று தங்கச்சி கேட்டபோதுதான் வானுக்குள் எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். ஊசி இருந்தது. பஞ்சு இருந்தது. கிளினிக் கொப்பியும் இருந்தது. இன்சுலின் போத்தல் மட்டும் திருமலையில, ஃப்ரிட்ஜ் கதவில, முட்டைக்குப் பக்கத்தில இருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை இப்பவே சொல்லிவிடுகிறோம். கிளினிக் கொப்பி கையில் இருந்ததால் எட்டரைக்கு ஒரு பார்மசி திறந்ததும் அதே கலவை இன்சுலினை வாங்க முடிந்தது. ஒன்றரை மணித்தியாலம் அப்பம்மா சாப்பிடாமல் கடைப் படியில் இருந்தா. "எனக்குப் பசிக்கேல்ல, நீங்க சாப்பிடுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. ஒருத்தரும் சாப்பிடவில்லை. கொப்பியும் வீட்டில் நின்றிருந்தால், அளவும் பெயரும் நினைவில்லாமல், தெரியாத ஊரில் ஒரு ஆஸ்பத்திரி வரிசையில்தான் அந்த நாள் போயிருக்கும்.

இதை எங்கள் மாதச் சந்திப்பில் அவள் சொன்னபோது முதலில் சிரித்தோம். பிறகு அட்டவணையைத் திறந்து பார்த்தோம். அதில் 31ஆவது வரி: "அப்பம்மா மருந்து – அம்மா – ✓". அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை. எங்கள் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால், அம்மா மறக்கவில்லை. அட்டவணைதான் பொய் சொன்னது.

அந்த டிக்கைப் போட்டது யார் என்று தேடினோம். அம்மா இல்லை. இரவு ஒன்பதரைக்கு அண்ணா, மிச்சம் இருந்த வரிகளை முடிக்கும் அவசரத்தில், குசினியில் நின்ற அம்மாவிடம் "அப்பம்மாட மருந்து?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் எடுத்து வைச்சாச்சு, இன்சுலின் ஃப்ரிட்ஜில இருக்கு, விடியத்தான் எடுக்கோணும்" என்று அம்மா சொல்லியிருக்கிறா. அண்ணாவின் காதில் "வைச்சாச்சு" விழுந்தது. அவர் தட்டினார். அந்த நிமிடத்திலிருந்து 31ஆவது வரியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிக் விழுந்த வரியை யார் வாசிப்பார்?

அம்மா சொன்னது முழு உண்மை. குளிசைகள் பையில், இன்சுலின் ஃப்ரிட்ஜில். வெக்கை நேரத்தில் அதை முதல் நாள் இரவே எடுத்துப் பையில் வைக்கவும் கூடாது. ஆனால் "பாதி வைச்சாச்சு, பாதி விடியத்தான்" என்று எழுதுவதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை. இருந்தது ஒரே ஒரு சின்னப் பெட்டி.

கடைசி நேரத்தில் மட்டுமே வைக்கக்கூடிய சாமான்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இன்சுலின், போன் சார்ஜர், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, காலையில் போடவேண்டிய பிரஷர் குளிசை, பல் துலக்கும் பிரஷ், பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும் துணிப் பொம்மை. இவையெல்லாம் புறப்படும் நிமிடம் வரைக்கும் பாவனையில் இருப்பவை. அதாவது அந்தக் குடும்பத்துக்கு மிகவும் தேவையானவை. அதனால்தான் அவை கடைசியாகப் பைக்குள் போகின்றன, அதனாலேயே விடுபட்டும் போகின்றன. இவற்றை 46 வரிக்குள் கலந்து எழுதியதுதான் முதல் பிழை என்று நினைக்கிறோம். இவை தனியாக, ஆறேழு வரிக்கு மேல் போகாமல், ஒரு கடதாசியில் எழுதி வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட வேணும். போனில் இருந்தால் நாலரை மணிக்கு யாரும் திறக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் எல்லாருடைய கையிலும் பை இருக்கும், அல்லது பிள்ளை இருக்கும்.

டிக்கைப் பற்றி இன்னொன்று. எங்களில் ஒருவன் விமானங்களைப் பற்றி வாசித்துக்கொண்டே இருப்பான். அவன் சொன்ன கதை இது. 1935 ஒக்டோபர் 30ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோவில், போயிங் கம்பனியின் மொடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் மேலெழுந்த கையோடு விழுந்து எரிந்தது. இயந்திரத்தில் பிழை இல்லை. நிலத்தில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதியில் போடும் பூட்டை யாரும் கழற்றவில்லை. ஓட்டியவர் அனுபவமே இல்லாதவரல்ல, அமெரிக்க இராணுவத்தின் மிகத் திறமையான சோதனை விமானிகளில் ஒருவர். அதற்குப் பிறகுதான் விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, 2008இல், உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சை அறைகளுக்கும் அப்படியொரு பட்டியலை வெளியிட்டது. எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் சோதித்தபோது சத்திரசிகிச்சைக்குப் பின்னான இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதத்துக்கு இறங்கியது.

நுவரெலியா பயணத்துக்கு எதுக்கு சத்திரசிகிச்சை அறை என்று கேட்பீர்கள். ஒரேயொரு விசயத்துக்காகத்தான். அந்தப் பட்டியல்களை ஒருவர் சத்தமாக வாசிக்கிறார், இன்னொருவர் சாமானையோ ஆளையோ பார்த்துப் பதில் சொல்கிறார். நினைவிலிருந்து "ஓம்" சொல்வதற்கு இடம் கிடையாது. எங்கட வீட்டு அட்டவணையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கேட்பவரும் சாமானைப் பார்ப்பதில்லை, சொல்பவரும் பார்ப்பதில்லை, தூரத்தில் இருந்தபடியே டிக் விழுகிறது. பை திறந்திருக்க, கை சாமானைத் தொட்டிருக்க, அப்போது போடப்படும் டிக்கைத்தான் நம்பலாம்.

சரி, இரண்டாவது கட்டத்துக்கு வருவோம். பொறுப்பு யார்? நாங்கள் எண்ணினோம். 46 வரியில் 27இல் "அம்மா". ஒன்பதில் "எல்லாரும்". அண்ணா நாலு (சார்ஜர், ஸ்பீக்கர் வகையறா), அப்பா மூன்று, மாமி இரண்டு, சித்தப்பா ஒன்று. சித்தப்பாவின் ஒன்று கிரிக்கெட் மட்டை.

"எல்லாரும்" என்று எழுதிய ஒன்பது வரியில் மூன்று சாமான் உண்மையிலேயே விடுபட்டிருந்தது: குடை, துவாய், குப்பை போடுகிற பை. அது ஆச்சரியமில்லை. எல்லாரும் பொறுப்பு என்றால் ஒருத்தரும் பொறுப்பில்லை என்பது பள்ளிக்கூட வகுப்பறை கூட்டிய எல்லாருக்கும் தெரியும். எங்களை யோசிக்க வைத்தது அந்த 27தான். இவளே சொன்னாள்: "நான்தான் பெயர் போட்டனான். மருந்து எண்டதும் கை தன்பாட்டில அம்மா எண்டு அடிச்சிட்டுது."

ஆனால் அந்த வீட்டில் தினமும் அப்பம்மாவுக்கு ஊசி போடுவது அம்மா இல்லை. உயர்தரம் படிக்கிற தங்கச்சி. காலையில் பள்ளிக்கூடம் போக முன்னால அவள்தான் போத்தலை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில உருட்டி, அளவு இழுத்துப் போடுகிறவள். எத்தனை யூனிட், எத்தனை ஊசி மிச்சம், போத்தல் எப்போது திறந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த வரியில் அவளுடைய பெயர் இருந்திருந்தால், நாலரை மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் அவள் வானில் ஏறியிருக்கவே மாட்டாள். பொறுப்பை வேலையைச் செய்கிறவருக்குக் கொடுக்காமல், வழக்கமாக யார் தலையில் விழுமோ அவருக்குக் கொடுத்தோம். அம்மாவுக்கு அன்று காலை பதினொரு பேருக்கு இடியப்பப் பார்சல் கட்டுகிற வேலையும் இருந்தது. அது 46 வரியில் ஒன்றாகக்கூட இல்லை.

இதில் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. "அம்மாட பெயரை எடுத்துப்போட்டு எல்லாருக்கும் சமமாப் பிரிக்கோணும்" என்று ஒரு பக்கம். "சமமாப் பிரிச்சா தெரியாதவன் கையில மருந்து போகும்" என்று மறுபக்கம். எங்கள் முடிவு என்று ஒன்று சொல்வதானால்: தினமும் அந்தச் சாமானைத் தொடுகிறவர் பெயர்தான் அந்த வரிக்கு. அப்படி எழுதிப் பார்த்தபோது அம்மாவின் 27 பதின்மூன்றுக்கு இறங்கியது. அதுவும் அதிகம்தான். ஆனால் அது அட்டவணையால் தீர்கிற பிரச்சினை இல்லை.

மருந்துப் பகுதியை நாங்கள் திரும்ப எழுதிப் பார்த்தோம். "அப்பம்மா மருந்து" என்ற ஒரு வரி இப்படி ஆனது:

| சாமான் | எத்தனை | வைப்பவர் | எந்தப் பை | பார்த்தவர் |
|---|---|---|---|---|
| பாவிக்கும் இன்சுலின் (கதவுக் கடதாசியிலும்) | 1 போத்தல் | தங்கச்சி | கைப்பை | அண்ணா |
| ஊசி | 14 | தங்கச்சி | கைப்பை | அண்ணா |
| பிரஷர் குளிசை | 7 | அம்மா | கைப்பை | தங்கச்சி |
| சீனிக் குளிசை | 14 | அம்மா | கைப்பை | தங்கச்சி |
| கிளினிக் கொப்பி | 1 | அம்மா | கைப்பை | அப்பா |
| குளுக்கோஸ், டொபி | 1 பக்கற் | மாமி | கைப்பை | அம்மா |

"எத்தனை" என்ற கட்டம் பழைய அட்டவணையில் இல்லை. நாலு நாள் பயணத்துக்கு நாங்கள் ஏழு நாள் கணக்கு எழுதினோம். மலைநாட்டில் ஒரு மண்சரிவு வந்து பாதை மூடினால் பயணம் நீளும். அதோடு எங்கட ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் மருந்து பெரும்பாலும் அடுத்த திகதி வரைக்கும் எண்ணித்தான் தருவார்கள். பயணம் முடிகிற நாளும் மருந்து முடிகிற நாளும் ஒன்றாக வந்தால், திரும்பி வந்த அடுத்த நாளே வரிசையில் நிற்க வேணும். ஆகவே அட்டவணை போட முதல் கொப்பியைத் திறந்து அடுத்த கிளினிக் திகதியைப் பாருங்கள். பயணத் திகதியைத் தீர்மானிக்கவேண்டியதே அதுதான் என்றுகூடச் சொல்வோம்.

"எந்தப் பை" என்பதும் காரணத்தோடுதான். இன்சுலின் பெரிய பைக்குள் போய் வானின் கூரையில் வெயிலில் கிடந்தால் பழுதாகிவிடும். வெயிலில் நிறுத்திய வானுக்குள் விட்டுவிட்டுப் பூங்கா பார்க்கப் போனாலும் அதேதான். பழுதாகும் என்ற பயத்தில் ஐஸ் கட்டிக்கு நடுவில் புதைத்து வைப்பது அதைவிட மோசம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் தேவை, அதாவது ஃப்ரிட்ஜ். திறந்து பாவிக்கிற போத்தல், 25 – 30 பாகைக்கு மேல் போகாத இடத்தில் ஏறக்குறைய நாலு கிழமை தாங்கும். ஓகஸ்டில் கச்சான் காற்று அடிக்கிற திருமலையில் வீட்டுக்குள் அப்படி ஒரு இடம் கிடையாது. நுவரெலியாவில் அறையே ஃப்ரிட்ஜ் மாதிரித்தான். ஆக, கவனம் தேவைப்படுவது வழிக்குத்தான். துணியில் சுற்றி, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில், ஐஸில் நேரே படாமல், ஆட்கள் இருக்கிற இடத்தில் வைத்தால் போதும்.

வெண்மையாகக் கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலினை உருட்டிய பிறகும் துகள் துகளாகப் போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் போடக்கூடாது. ஆனால் வெக்கையால் கெட்டது எப்போதும் கண்ணுக்குத் தெரியும் என்று நம்பவேண்டாம். பார்வைக்கு நல்லதாக இருந்தும் சீனி இறங்கவில்லை என்றால் போத்தலைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கடைசி வரியில் இருக்கும் குளுக்கோஸ் எதிர்த் திசைக்கு. ஊசி போட்ட பிறகு சாப்பாடு பிந்தினால் சீனி விழுந்து நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும். பயணத்தில் சாப்பாடு எப்போதும் பிந்தும்.

உடுப்புப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரேயொரு சங்கதியைத் தவிர. திருமலைக்காரர் எங்களுக்கு மழை என்றால் மார்கழி. ஓகஸ்ட் என்றால் காய்ந்த புல்லும் புழுதியும். வீட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு அட்டவணை எழுதியதால் ஸ்வெட்டரை ஞாபகம் வைத்தவர்கள் குடையை "எல்லாரும்" என்று போட்டுவிட்டார்கள். மலைநாட்டின் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேல் பருவமழை வரும் மாதங்களில் ஓகஸ்டும் ஒன்று. நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நனைந்த உடுப்பு இரண்டு நாளானாலும் காயாது. பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கடன் வாங்கிப் போனவர்கள் மூன்றாம் நாள் ஈர சொக்ஸோடு திரிந்தார்கள். போகிற ஊரில் அந்த மாதம் என்ன காலநிலை என்று அட்டவணையின் தலைப்பிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் இது நடக்காது.

ஆவணங்களில்தான் நாங்கள் தோற்றோம்.

அட்டவணையில் இவள் எழுதியது: எல்லாருடைய அடையாள அட்டை, வான் சாரதியின் அனுமதிப்பத்திரம், தங்குமிடம் பதிவு செய்த பற்றுச்சீட்டு, இன்னும் சில. போதும். நாட்டுக்குள் போகும் பயணம், கடவுச்சீட்டும் தேவையில்லை. ஆனால் அம்மா தன் பாட்டில் ஒரு நீல பைலைத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினா. எல்லாருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கல்யாணப் பத்திரம், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், எல்லாம் மூலப்பிரதி. நுவரெலியாவில் படகு ஓட்டப் போகும்போதும் அந்தப் பை தோளில். "ஏன் அம்மா, லேக்குக்குள்ள காணி உறுதி எதுக்கு?" என்று எல்லாரும் கேலி பண்ணினார்கள்.

அம்மாவின் ஊர் மூதூர்ப் பக்கம். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது எங்கட கரையோரத்தில் வீட்டோடு கடதாசியும் போனவர்கள் எத்தனையோ பேர். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது இவளுக்கு நாலு வயது. அம்மா ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் அந்த பைலையும் எடுத்திருக்கிறா. மாற்று உடுப்பு எடுக்கவில்லை. அப்பம்மாவின் பிரஷர் குளிசையும் எடுக்கவில்லை, அதை நினைத்து இன்றைக்கும் கவலைப்படுகிறா. இவளை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது பத்திரம் கையில் இருந்தது. முகாமில் பக்கத்தில் இருந்த குடும்பம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியது. பதிவைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழோடு காலம் தள்ளியதும் எங்கள் மாவட்டத்தில் நடந்ததுதான். ஆட்கள் எங்கேயோ பைலும் அங்கே என்பது அம்மாவின் கணக்கு.

அப்படியிருந்தும் அம்மா செய்தது ஆபத்தானது என்றுதான் சொல்கிறோம். எல்லா மூலப்பிரதியும் ஒரே பையில், ஒரே தோளில், ஒரு படகில். அது தண்ணீரில் விழுந்தால் 2006இல் காப்பாற்றியதெல்லாம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். ஆனால் "வீட்டிலேயே வையுங்கோ, பத்திரமா இருக்கும்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கடற்கரையிலிருந்து நூறு மீற்றரில் இருக்கும் வீடு அது.

இவள் பேசிப் பேசி அம்மாவோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறாள். பிறப்பு, விவாகப் பத்திரங்களுக்குப் பிரதேச செயலகத்தில் இன்னொரு அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம், தெரியாவிட்டால் பதிவேட்டில் தேடவேண்டி வரும். ஆகவே முதலில் எல்லாப் பத்திரத்தையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, இலக்கத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் அம்மாவின் கையெழுத்திலேயே எழுதினார்கள். இரண்டாவது பிரதிகள் கண்டியில் இருக்கும் மாமி வீட்டு அலுமாரிக்குப் போகின்றன. கடலும் மலையும் ஒரே நாளில் வராது என்பது அம்மாவின் நியாயம். காணி உறுதிக்கு மட்டும் அம்மா சம்மதிக்கவில்லை. அது தன்னோடுதான் வரும் என்று சொல்லிவிட்டா.

தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போக வான் பேசியாச்சு. புதிய அட்டவணையில் 52 வரி. வாசல் கதவின் உள்பக்கம் ஏழு வரிக் கடதாசி ஒட்டியிருக்கிறது. முதல் வரியில் இன்சுலின், தங்கச்சியின் பெயர். கடைசி வரியை அம்மா பேனையால் தானே எழுதிச் சேர்த்திருக்கிறா: "நீல பைல் – நான்."